கன்னத்து மங்கு: என் நிறம் அப்படியே இருக்கட்டும், திட்டு மட்டும் போக வேண்டும்

நான் மருந்துக் கடையில் நிற்கும் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. கன்னத்தில் கருந்திட்டோடு கடைக்கு வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களில் பலருக்கு வெள்ளையாக வேண்டும் என்ற ஆசை கிடையாது. "மாநிறமாகப் பிறந்தேன், மாநிறமாகவே இருந்துகொள்கிறேன், இந்தத் திட்டு மட்டும் ஒழிந்தால் போதும்" என்பார்கள். ஆனால் கடை அலமாரியில் அவர்கள் கைக்கு முதலில் எட்டுவது முகம் முழுவதையும் வெளுக்கவைக்கும் சரக்கு. ஆகவே இந்தத் தொகுப்பு. மருந்துகளின் பெயர் வரும் இடங்களிலெல்லாம், தோல் மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கன்னத்திலும் பழுப்பாகத் திட்டு விழுந்திருக்கிறது. இது மங்குதானா?

இரண்டு கன்னத்திலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தால் பெரும்பாலும் மங்குதான். ஆங்கில மருத்துவத்தில் மெலாஸ்மா என்பார்கள். நிறம் பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பழுப்பு. தடவிப் பார்த்தால் தோல் வழுவழுப்பாகவே இருக்கும். தடிப்பு, செதில், அரிப்பு எதுவும் இராது. மூக்கின் மேல்பகுதி, மேலுதட்டின் மேல், நெற்றி ஆகிய இடங்களிலும் சேர்ந்து வருவதுண்டு.

பரு வந்து ஆறிய இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் அது பருத் தழும்பின் கறுப்பு, அது வேறு. ஒரு கன்னத்தில் மட்டும் நீலச் சாம்பலாகச் சிறு வயது முதலே இருந்தால் அது பிறவி மறு வகை, களிம்புக்கு மசியாது. தடவினால் சொரசொரப்பாக இருக்கிறது, கழுத்தும் கறுத்திருக்கிறது என்றால் கீழே அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

நான் வெயிலில் போவதே இல்லையே, எனக்கு எப்படி வந்தது?

மங்குக்கு ஒரே காரணம் கிடையாது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்திருக்கும். கர்ப்ப காலத்தில் தலைகாட்டியிருக்கும், அல்லது கருத்தடை மாத்திரை தொடங்கிய பிறகு. இவற்றால் அந்த இடத்திலுள்ள நிறமிச் செல்கள் தொட்டால் சிணுங்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. பக்கத்துத் தோல் பொருட்படுத்தாத சிறு வெளிச்சத்துக்கும் அவை மெலனினைக் கொட்டித் தீர்க்கின்றன.

"வெயிலில் போவதில்லை" என்பவர்களிடம், வேலை செய்யும்போது உட்காரும் இடம் எது என்று கேட்பேன். ஜன்னலோரம் என்பார்கள், அல்லது பஸ்ஸில் தினமும் ஒரே பக்க இருக்கை. கண்ணாடி புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். மற்றொரு பகுதியும், கண்ணால் பார்க்கிற வெளிச்சமும் தாராளமாக உள்ளே வரும். நம்மைப் போன்ற பழுப்புத் தோலில் அந்தக் கண்ணால் பார்க்கும் வெளிச்சமே, குறிப்பாக அதன் நீல ஊதாப் பகுதி, மங்கைக் கிளறிவிடக்கூடியது. அடுப்பு அனலில் நெடுநேரம் நிற்பதும் சிலருக்கு அதிகப்படுத்துகிறது. கைபேசித் திரை வெளிச்சத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். பகல் வெளிச்சத்தின் முன் அது ஒன்றுமே இல்லை, விட்டுவிடுங்கள்.

என் நிறம் மாறாமல் திட்டு மட்டும் போகுமா? இரண்டும் ஒன்றாகத்தானே வெளுக்கும்?

திட்டு மட்டும் மங்க வாய்ப்பு இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. மங்கு இருக்கும் இடத்தில் நிறமிச் செல்கள் கூட்டமாகப் பெருகிவிடுவதில்லை. இருக்கிற செல்களே அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. ஆகவே நமக்கு வேண்டியது அந்த மிகை வேலையை அடக்குவது. பக்கத்தில் ஒழுங்காக இருக்கும் செல்லைத் தொட வேண்டியதில்லை.

மருந்துகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் இரண்டு வகை. அசெலாயிக் அமிலம் போன்றவை மிகையாக வேலை செய்யும் செல்களைத்தான் பெரும்பாலும் அடக்கும். சாதாரணத் தோலின் நிறத்தை அவ்வளவாகத் தொடாது. ஹைட்ரோகுவினோன் அப்படியல்ல. பூசிய இடமெல்லாம் வேலை செய்யும், நல்ல தோல் என்று பார்க்காது. அதைத் திட்டின் மீது மட்டும், குறித்த காலத்துக்கு மட்டும் பூசுவது இதனால்தான். நிறத்தைக் காப்பாற்றுவது பாதி மருந்தின் தேர்விலும் பாதி பூசும் விரலிலும் இருக்கிறது.

முகமே கறுத்துப் போயிருக்கிறது. இதில் என் உண்மையான நிறம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பலரும் புஜத்தின் உட்புறத்தைக் காட்டி "இந்த நிறம்தான் நான்" என்பார்கள். அது ஆடைக்குள் இருந்த தோல். வெளிச்சம் படும் முகம் அதைவிடச் சற்று அடர்ந்திருப்பது இயல்பு. அந்த நிறத்தை முகத்தில் கொண்டுவர முயன்றால், தெரியாமலே வெளுக்கும் வேலையில் இறங்கிவிடுவீர்கள். ஒப்பிட வேண்டிய இடங்கள் வேறு: காதுக்குச் சற்று முன்னால், தாடை ஓரம், திட்டுக்குப் பக்கத்தில் திட்டு இல்லாத கன்னம். இந்த மூன்றும் ஒத்துப்போகிற நிறம்தான் உங்கள் முகத்தின் நிறம். திட்டு அந்த நிறத்துக்கு வந்தால் வேலை முடிந்தது. அதைத் தாண்டி ஒரு படிகூடப் போகக் கூடாது.

தொடங்கும் நாளில் ஒரு படம் எடுத்துவையுங்கள். காலை பத்து மணி வாக்கில், நேர்வெயில் விழாத ஜன்னல் எதிரே, ஃபிளாஷ் இல்லாமல். கைபேசியின் அழகூட்டும் வசதியை அணைத்துவிட வேண்டும்; அது கேட்காமலேயே ஆளை வெளுத்துக் காட்டும். கன்னத்தை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். அடுத்த மாதப் படத்தில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் வெளிச்சம் மாறியிருக்கிறது, தோல் மாறவில்லை என்று தெரிந்துவிடும்.

சன்ஸ்கிரீன் பூசினால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது. அது இல்லாமல் முடியாதா?

முடியாது. சன்ஸ்கிரீன் இல்லாமல் எந்தக் களிம்பும், ஒரு பக்கம் தண்ணீரை இறைத்துக்கொண்டே மறுபக்கம் மடையைத் திறந்துவிட்ட கதைதான். ஆனால் சாம்பல் பூப்பது உங்கள் தவறல்ல. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு இரண்டும் வெள்ளைப் பொடிகள், பழுப்புத் தோலில் அப்படித்தான் தெரியும்.

மங்குக்கு ஏற்றது நிறம் கலந்த சன்ஸ்கிரீன். அதில் அயர்ன் ஆக்சைடு சேர்த்திருப்பார்கள். பெட்டியில் உட்பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைச் சாதாரண சன்ஸ்கிரீன் அவ்வளவாகத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு தடுக்கிறது. SPF 30 அல்லது அதற்கு மேல், PA+++ அல்லது அதற்கு மேல் போதும். நிறம் கலந்ததை வாங்கும்போது தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, கரைந்து மறைகிற நிறத்தை எடுங்கள். கையின் பின்புறத்தில் பார்க்காதீர்கள். ஒரு படி வெளிர் நிறம் எடுத்தால் பளிச்சென்று இருக்கும் என்று விற்பவர் சொன்னால், அவரிடம் வேறு கடை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அளவுதான் எல்லாரும் கோட்டைவிடும் இடம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நுனி முதல் அடி வரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கான அளவு. துவரம்பருப்பு அளவு எடுத்துத் தேய்த்தால் பெட்டியில் போட்டிருக்கும் SPF கிடைக்காது. வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். தொப்பியும் குடையும் இன்னும் நல்லது, அவை வியர்வையில் வழிவதில்லை.

டாக்டர் இரவில் பூச ஒரு களிம்பு எழுதியிருக்கிறார். முகம் முழுக்கப் பூசினால் சமமாக இருக்குமே?

ஹைட்ரோகுவினோன் கலந்தது என்றால் கூடவே கூடாது. முகம் முழுதும் பூசினால் திட்டும் சுற்றியுள்ள தோலும் சேர்ந்து இறங்கும். திட்டுக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாடு அப்படியே நிற்கும், நீங்கள் மட்டும் வெளுத்திருப்பீர்கள்.

முகம் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, பதினைந்து இருபது நிமிடம் காய விடுங்கள். ஈரத் தோலில் மருந்து கூடுதலாக இறங்கி எரிச்சல் தரும். எரிச்சல் வந்தால் நம் தோலில் அதன் பின்னாலேயே கறுப்பும் வரும். கண்ணோரம், மூக்குமடல், வாயோரம் மூன்றிலும் வாசலின் லேசாகத் தொட்டு வைக்கலாம். மருந்து அங்கே வழிந்தாலும் அரிக்காது. இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவே அதிகம். காது குடையும் பட்ஸின் நுனியில் எடுத்துத் திட்டின் நடுவில் வைத்து, எல்லைவரை பரப்பி, எல்லையிலேயே நிறுத்துங்கள். விரலால் பூசினால் எல்லை தாண்டுவது உறுதி. பூசிய பின் கையைக் கழுவாமல் கன்னத்தில் வைத்துத் தூங்குகிறவர்களும் உண்டு.

இன்னொன்று: ட்யூபின் வாயைப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன் காற்றுப் பட்டால் கெடும். வெண்மையாக இருந்த களிம்பு மூடியோரம் தேநீர் நிறத்தில் திரிந்திருந்தால் தேதி மிச்சமிருந்தாலும் வீசிவிட வேண்டியதுதான். அசெலாயிக் அமிலம் எழுதியிருந்தால் இவ்வளவு கெடுபிடி வேண்டாம். திட்டைச் சற்றுத் தாண்டினாலும் பாதகமில்லை. முதல் இரண்டு வாரம் சுருக்கென்று குத்தும், பிறகு அடங்கும்.

அக்கம்பக்கத்தில் ஒருவர் கொடுத்த ட்யூப், ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆக்கியது. அதை ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள்?

ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆனதால்தான். மங்கு அந்த வேகத்தில் போகாது. கடைக்கு வரும் காலி ட்யூப்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: அடியிலிருந்து பற்பசை போல் இறுக்கிச் சுருட்டி, கடைசிப் பொட்டுவரை பிதுக்கியது. சுருளைப் பிரித்துப் பொடி எழுத்தைப் படித்தால் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒன்று இருக்கும். இவை ஸ்டீராய்டுகள். ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நிறமியையும் அடக்கி, முகம் முழுவதையும் வெளிறச் செய்யும். அந்த வெளிறல் உங்கள் நிறமும் அல்ல, நிலைக்கவும் நிலைக்காது.

மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி அடரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும். தாங்காமல் மறுபடி பூசுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள், அந்த அளவுக்குப் பார்த்திருக்கிறார்கள். 2018இல் இத்தகைய பல களிம்புகளை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதித்தது. பெட்டியின் இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு வேண்டிய மருந்து என்று பொருள். இருந்தும் சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பது என் தொழிலுக்கே வெட்கக்கேடு.

நீண்ட நாள் பூசியவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கியெறிய வேண்டாம். படிப்படியாகக் குறைப்பதற்கு மருத்துவர் வழி சொல்வார். ட்யூபையும் கையோடு கொண்டுபோங்கள்.

அப்படியானால் டாக்டர் எழுதியதிலும் ஸ்டீராய்டு இருக்கிறதே?

கவனித்துப் படித்திருக்கிறீர்கள். மங்குக்கான முக்கூட்டுக் களிம்பில் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் ஆகியவற்றுடன் ஒரு ஸ்டீராய்டும் உண்டு. 1975இல் கிளிக்மன் என்ற தோல் மருத்துவரும் அவருடைய சக மருத்துவரும் வெளியிட்ட கலவையிலிருந்து வந்தது இது. இப்போது பெரிதும் பரிந்துரைக்கப்படும் வடிவத்தில் ஹைட்ரோகுவினோன் 4 சதவீதம், டிரெட்டினாயின் 0.05 சதவீதம், வீரியம் குறைந்த ஃப்ளுசினோலோன் 0.01 சதவீதம். முதல் இரண்டும் தரும் எரிச்சலை அடக்கத்தான் மூன்றாவது.

சிக்கல் கலவையில் இல்லை, காலத்தில் இருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம், திட்டின் மேல், இரவில் மட்டும். அதன் பிறகு மருத்துவர் பார்த்து நிறுத்துவார் அல்லது மாற்றுவார். பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்குகிறவர்களிடம்தான் மேலே சொன்ன பாதிப்புகளைப் பார்க்கிறேன். நம் கடைகளில் மொமெட்டசோன் சேர்ந்த முக்கூட்டும் ஏராளம். அது வீரியம் கூடியது. எழுதியிருப்பது எது, எத்தனை வாரம் என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எலுமிச்சையும் தயிரும் கஸ்தூரி மஞ்சளும் இயற்கைதானே?

எலுமிச்சை பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் எழும்பி, ஆறிய பிறகு புதுக் கறுப்பு வரும். கடலை மாவைச் சொரசொரவென்று தேய்ப்பதும் அதே கதை. தயிரால் கெடுதலும் இல்லை, மங்குக்குப் பலனும் இல்லை. மஞ்சள் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஒவ்வாதவர்களுக்கு நிறுத்துவதே வைத்தியம்.

திட்டு எத்தனை நாளில் போகும்? நடந்ததை ஒன்று சொல்லுங்களேன்.

கடைக்கு வழக்கமாக வருகிற ஓர் ஆசிரியையின் கதையைச் சொல்கிறேன். நாற்பதை ஒட்டிய வயது, நல்ல கருமை கலந்த பழுப்பு நிறம். இரண்டாவது பிரசவத்தில் வந்த மங்கு இரண்டு கன்ன மேட்டிலும் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக நின்றுவிட்டது. வகுப்பில் அவர் உட்காருமிடம் கிழக்கு ஜன்னலை ஒட்டியது. மருத்துவரிடம் அவர் வைத்த ஒரே நிபந்தனை, "என் தங்கை கல்யாணத்தில் எல்லாரும் என்னை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும்."

முதல் மாதம் சன்ஸ்கிரீனும் அசெலாயிக் அமிலம் 20 சதவீதமும் மட்டும். நாற்காலியை உள்சுவர்ப் பக்கம் மாற்றிக்கொண்டார். மாத முடிவில் திட்டு மங்கவில்லை, ஆனால் புதிதாகக் கறுக்கவும் இல்லை. படத்தை ஒப்பிட்டபோதுதான் அது தெரிந்தது. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். மேல்தோல் அடியிலிருந்து மேலேறி உதிர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஏற்கெனவே கொட்டிக்கிடக்கும் நிறமி அதோடுதான் போக வேண்டும்.

அடுத்த எட்டு வாரம் இரவில் முக்கூட்டுக் களிம்பு, பட்ஸ் நுனியால். ஐந்தாவது வாரம் வாக்கில் திட்டின் விளிம்பு கலைய ஆரம்பித்தது. மங்கு குறைவதன் முதல் அடையாளம் அதுதான். நடுவில் வெளுப்பதற்கு முன் ஓரத்தின் கோடு கலையும். எட்டு வாரம் முடிந்ததும் முக்கூட்டு நின்றது, அசெலாயிக் அமிலம் மறுபடி வந்தது. ஆறாம் மாதத்தில் கைநீட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் திட்டு தெரியவில்லை. கண்ணாடிக்கு அருகில் போனால் லேசான நிழல் இருந்தது. காதோரத் தோல் தொடங்கிய நாளில் இருந்த அதே நிறம். அந்த நிழலையும் போக்க வேண்டுமா என்று மருத்துவர் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த சித்திரையில் லேசாகத் தலைகாட்டியது. மங்கின் சுபாவம் அது. அடங்கும், விலாசத்தை மறக்காது. சன்ஸ்கிரீனை விட்டால் திரும்பி வரும்.

திட்டு குறைந்தது, ஆனால் சுற்றிலும் வெளுத்த வளையம் விழுந்திருக்கிறது. என்ன செய்வது?

ஹைட்ரோகுவினோன் எல்லை தாண்டியிருக்கிறது. அந்தக் களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் வளையத்தின் நிறம் தானே திரும்பும். வளையத்துக்கு ஏற்றாற்போல் மீதி முகத்தையும் வெளுத்துச் சமன் செய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்படி நினைத்தவர்கள் கழுத்துவரை போயிருக்கிறார்கள்.

வெளுப்பு பாலைப் போல் வெண்மையாகவும் எல்லை கூர்மையாகவும் இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள், அது வேறு நோயாக இருக்கலாம். இதற்கு நேர்மாறும் உண்டு: ஆண்டுக்கணக்கில் ஹைட்ரோகுவினோன் பூசிய இடத்தில் நீலக் கறுப்பாகப் பொடிப் புள்ளிகள் தோன்றும். மங்கு கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் அதிகமாகப் பூசுவார்கள். கறுப்பாக்கியதே அந்தக் களிம்புதான். அந்த நிறம் எளிதில் போகாது.

பெட்டியில் எந்த மருந்தின் பெயரும் இல்லாத கிரீம் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. மூலிகை என்கிறார்கள்.

உட்பொருள் எழுதாத கிரீமை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இவற்றில் பாதரசம் பிடிபட்டிருக்கிறது. பாதரசம் நிறமி உண்டாவதையே தடுக்கும். திட்டு, தோல் என்ற பாகுபாடு அதற்குக் கிடையாது. தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் பகுதியில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போகும் நோய் வந்தது செய்தியானது. ஏற்கெனவே பூசியிருந்து காலிலோ கண்ணைச் சுற்றியோ வீக்கம் தெரிந்தால் தோல் மருத்துவருக்கு முன்னால் பொது மருத்துவரிடம் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போதுதான் வந்தது. இப்போதே பூசலாமா?

ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் வேண்டாம். நிறம் கலந்த சன்ஸ்கிரீன் போதும். மிகவும் உறுத்தலாக இருந்தால் அசெலாயிக் அமிலம் பூசலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பலருக்குத் தானாகவே மங்கிவிடுகிறது, அதற்குள் அவசரப்பட வேண்டாம்.

மாத்திரையும் லேசரும் சீக்கிரம் வேலை செய்யும் என்கிறார்களே?

மாத்திரை என்பது டிரானெக்ஸாமிக் அமிலம். அதிக ரத்தப்போக்கை நிறுத்தத் தருவதையே குறைந்த அளவில், பொதுவாக 250 மில்லிகிராம் இரண்டு வேளை, மங்குக்கும் தருகிறார்கள். நிறத்தைப் பொறுத்தவரை நல்ல மருந்து. மொத்தத் தோலையும் வெளுப்பதில்லை. ஆனால் ரத்தம் உறையும் போக்கைக் கூட்டக்கூடியது. காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களும், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும், புகைபிடிப்பவர்களும் மருத்துவரிடம் இதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சீட்டில்லாமல் கேட்டால் நான் தரமாட்டேன்.

லேசரும் ஆசிட் பீலும் பழுப்புத் தோலில் கத்தி முனை. சூடோ எரிச்சலோ சற்று மிஞ்சினால் முன்பைவிடக் கறுக்கும், அல்லது வெள்ளைப் பொட்டுகள் விழும். களிம்பு முறையாகப் பூசி ஆறு மாதம் ஆகியும் நகராத திட்டுக்கு, நம் போன்ற தோலில் பழக்கமுள்ள தோல் மருத்துவர் செய்தால் மட்டும் யோசிக்கலாம். அழகு நிலையத்தில் வேண்டாம்.

எனக்குக் கன்ன எலும்பின் மேலும் நெற்றிப்பொட்டிலும் கறுப்பு, தொட்டால் தடிப்பு. கழுத்தும் கறுத்திருக்கிறது. மங்குக் களிம்பு பூசியும் போகவில்லை.

பூசினாலும் போகாது. தடித்து, வெல்வெட் துணிபோல் இருக்கும் இந்தக் கறுப்பு பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். கழுத்து மடிப்பையும் அக்குளையும் பார்த்தால் அங்கேயும் இருக்கும். அழுக்கென்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்து இன்னும் தடிக்கச் செய்கிறார்கள். இதற்கு முதலில் சர்க்கரைப் பரிசோதனை. எடை குறையக் குறைய நிறமும் தளரும்.

இன்னொரு வகை, காதுக்கு முன்னாலிருந்து கன்னம்வரை சாம்பல் நிறமாகப் படர்வது. அதற்குத் தலைச்சாயம் காரணமாக இருக்கலாம்; வாசனைப் பொருட்களும் செய்யும். சாயம் பூசிய மறுநாள் காதோரம் அரித்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அரித்தது என்றால் சாயத்தை நிறுத்தாமல் எந்தக் களிம்பு பூசினாலும் வீண்.

அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம். அதற்குள் போகாது என்கிறீர்கள். மேக்கப்பில் என் நிறம் மாறாமல் மறைக்கலாமா?

தாராளமாக. பழுப்புத் திட்டின் மேல் நேராக வெளிர் கன்சீலரைப் போட்டால் சாம்பல் நிறமாகத் தெரியும். அதை மறைக்க மேலும் மேலும் வெளிர் நிறம் ஏற்றி, கடைசியில் முகம் ஒரு நிறம் கழுத்து ஒரு நிறம் ஆகும். முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டரைத் திட்டின் மேல் மட்டும் மெல்லியதாக ஒற்றுங்கள். மாநிறத்துக்குப் பீச் ஆரஞ்சு, கரிய நிறத்துக்கு அடர் ஆரஞ்சு. திட்டின் நீலச் சாம்பல் சாயலை அது ஈடுகட்டும். அதன் மேல், சன்ஸ்கிரீனுக்குச் சொன்னதுபோல் தாடை ஓரத்தில் கரைந்த அதே நிற ஃபவுண்டேஷன். தேய்க்காமல் ஒற்ற வேண்டும். தேய்த்தால் கரெக்டர் கலைந்துவிடும்.

மேக்கப் செய்பவரிடம் "திட்டை மறைத்தால் போதும், நிறத்தை ஏற்ற வேண்டாம்" என்று உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கழுத்தையும் கையையும் முகத்தோடு சேர்த்து வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். படம் எடுப்பவரிடமும் இதையே சொல்ல வேண்டும்; ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் மாதிரிப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அங்கேயும் ஒரு கை வெளுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது.